சென்னையில் பழைய ஃப்ளாட் வாங்கினால்: பாக்கியும் பெயர் மாற்றமும்

கேள்வி: சென்னையில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கி, பத்திரப்பதிவும் முடிந்துவிட்டது. சொத்துவரி, மெட்ரோ வாட்டர், ஈ.பி. எல்லாமே இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கின்றன. சொத்துவரியில் பாக்கி வேறு காட்டுகிறது. வில்லங்கச் சான்றில் எதுவுமே இல்லையே! இந்தப் பாக்கியை நாங்கள்தான் கட்ட வேண்டுமா? எதை முதலில் மாற்றுவது? பட்டாவும் மாற்ற வேண்டுமா?

பதில்:

வில்லங்கச் சான்றில் வராததற்குக் காரணம் எளிது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை போன்றவை தெரியும். மாநகராட்சிக்குக் கட்டாத வரியோ, தண்ணீர்ப் பாக்கியோ, சங்கத்துக்குத் தர வேண்டிய மெயின்டனன்ஸோ அதில் ஏறவே ஏறாது. எனவே வில்லங்கம் சுத்தமாக இருந்தும் பாக்கி இருக்கலாம்.

யார் கட்டுவது என்பதற்கு இரண்டு பதில்கள். மாநகராட்சியைப் பொறுத்தவரை சொத்துவரி அந்தக் கட்டடத்தின் மீது நிற்கும் கடன். உரிமையாளர் மாறினாலும் கடன் அங்கேயேதான் இருக்கும். அதனால் கவுன்டரில் போய் 'இது பழைய ஓனருடைய பாக்கி' என்று வாதாடிப் பயனில்லை. உங்களுக்கும் விற்றவருக்கும் இடையில் மட்டும் கணக்கு வேறு. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55, விற்பனைத் தேதி வரைக்குமான அரசு வரிகளையும் கட்டணங்களையும் விற்பவர்தான் செலுத்த வேண்டும் என்கிறது. உங்கள் கிரயப் பத்திரத்திலும் பின்பக்கங்களில் 'இன்று தேதி வரை வரி பாக்கி ஏதுமில்லை, இருப்பது தெரியவந்தால் விற்பவரே செலுத்துவார்' என்ற பொருளில் ஒரு வாசகம் அநேகமாக இருக்கும். அதைத் தேடி அடிக்கோடிட்டு வையுங்கள். விற்றவரிடம் பணம் கேட்க அந்த ஒரு வாசகம் போதும்.

ஆனால் பாக்கியைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விற்றவர் கொடுத்த வரி ரசீதில் உள்ள எண் உங்கள் ஃப்ளாட்டுடையதுதானா என்று பாருங்கள்.

சென்னை மாநகராட்சியின் சொத்துவரி எண் நான்கு துண்டுகளாக இருக்கும். முதலில் மண்டலம், அடுத்து வார்டு, அடுத்து பில் எண், கடைசியில் துணை எண். மாநகராட்சியின் இணையதளத்தில் (chennaicorporation.gov.in) இந்த நான்கையும் போட்டால் யார் பெயரில், எந்தக் கதவு எண்ணில், எவ்வளவு வரி, எந்த அரையாண்டிலிருந்து பாக்கி என்று வந்துவிடும். அந்த விவரங்களை உங்கள் பத்திரத்தின் கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

இதில் குழப்பம் வருவது பெரும்பாலும் கதவு எண்ணில்தான். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பது தெரிந்ததே. அதற்கு மேல், பில்டர் தன் வரைபடத்தில் எஃப்-2, எஸ்-2 என்று மாடியின் முதலெழுத்தை வைத்து எண் போட்டிருப்பார். மாநகராட்சிப் பதிவேட்டில் அதே ஃப்ளாட் 'பழைய எண் 32, புதிய எண் 14/6' என்று இருக்கும். இந்த '6' எந்த மாடியில் எந்தப் பக்கத்து வீடு என்று கட்டடத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் எதிரெதிர் ஃப்ளாட்காரர்கள் இருவர் பல வருடங்களாக ஒருவர் வரியை மற்றவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடு கைமாறியபோதுதான் அது வெளியே வந்தது. வாங்கியவர் பத்திரத்தில் 840 சதுர அடி என்று இருக்க, வரிப் பதிவில் 610 என்று இருந்தது. எதிர்வீட்டு ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் 840. பெயர் மாற்ற விண்ணப்பம் போடுவதற்கு முன் கண்டுபிடித்ததால் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்துச் சரிசெய்ய முடிந்தது. தெரியாமல் பெயரை மாற்றியிருந்தால் எதிர்வீடு இவர் பெயருக்கு வந்திருக்கும்.

பரப்பளவு பற்றி ஒன்று. பத்திரத்தில் இருப்பதற்கும் வரிப் பதிவில் இருப்பதற்கும் சிறு வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். பத்திரத்தில் மாடிப்படி, வராந்தாவின் பங்கையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஆனால் இருநூறு, முந்நூறு சதுர அடி குறைகிறது என்றால் ஒன்று எண் தவறு, இல்லையேல் முன்னவர் பால்கனியை அறையாக்கி, அதை மாநகராட்சிக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இரண்டாவதாக இருந்தால், பெயர் மாற்றத்துக்குப் பார்க்க வரும் அலுவலர் அளந்து வரியைக் கூட்டலாம். அது நியாயமான கூடுதல்தான். முன்கூட்டியே தெரிந்தால் அதிர்ச்சி இராது.

சென்னையின் ஓரப் பகுதியில் வாங்கியிருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2011இல் சுற்றியிருந்த நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வளசரவாக்கம், மடிப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் அப்படி வந்தவை. அங்கே உள்ள பழைய ஃப்ளாட்டுகளின் கோப்பில் பழைய நகராட்சி அல்லது ஊராட்சி ரசீது இருக்கும். அந்த எண் இப்போது செல்லாது. அதற்கு ஈடான மாநகராட்சி எண் என்ன என்று மண்டல அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். சில நேரம் அப்படி ஒரு எண்ணே இருக்காது. கட்டடம் முழுவதும் நிலத்துக்காரர் பெயரில் ஒரே எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் முதலில் உங்கள் ஃப்ளாட்டுக்குத் தனி வரிவிதிப்புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

எண் சரி என்று தெரிந்ததும் பாக்கிக் கணக்குக்கு வரலாம். ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையதை அதே மாதிரி போட்டுக்கொள்ளலாம். அவர்கள் பழைய சென்னைப் பகுதியில் 840 சதுர அடி ஃப்ளாட் வாங்கினார்கள். பதிவு நடந்தது 2024 ஜூலை 31 அன்று. திரையில் மூன்று பாக்கி காட்டியது. 2022-23 முதல் அரையாண்டில் 1,200 ரூபாய், 2023-24 இரண்டாம் அரையாண்டு முழுவதும் 2,800, 2024-25 முதல் அரையாண்டு 2,800. மொத்தம் 6,800, அதற்கு மேல் வட்டி.

அந்த 1,200 எப்படி வந்தது என்று விற்றவருக்கே புரியவில்லை. 'அந்த வருஷம் கட்டிட்டேனே, ரசீதுகூட இருக்கு' என்றார். ரசீது உண்மையானதுதான். 2022 ஏப்ரலில் அவர் பழைய வரியான 1,600 ரூபாயைக் கட்டியிருந்தார். ஆனால் அந்த ஆண்டு வரியைத் திருத்தியபோது, பழைய மாநகராட்சிப் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 75 சதவீதம் கூடியது. அந்தத் திருத்தம் ஏப்ரல் முதலே கணக்கு. ஆக 1,600 என்பது 2,800 ஆனது. இடையில் உள்ள 1,200 நிலுவையாக நின்றுவிட்டது. பழைய ஃப்ளாட்டுகளில் 'எல்லாம் கட்டியாச்சு' என்று சொல்லியும் ஒரு சின்னத் தொகை தொங்கிக்கொண்டிருந்தால் இது ஒரு காரணமாக இருக்கும். விற்றவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிரிப்பது எப்படி? வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். முதல் இரண்டு பாக்கியும் முழுக்க விற்றவருடையது, அது 4,000. மூன்றாவது அரையாண்டில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம் அவர் உரிமையாளர், ஆகஸ்டும் செப்டம்பரும் இவர்கள். 2,800இல் ஆறில் நான்கு பங்கு 1,867 அவருக்கு, மீதி 933 இவர்களுக்கு. வட்டி முழுவதும் அவர் தலையில்தான், ஏனென்றால் அந்த அரையாண்டின் வரியையும் அவர் ஏப்ரலிலேயே கட்டியிருக்க வேண்டும். ஆக விற்றவர் பங்கு 5,867 ரூபாயும் வட்டியும்.

இவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. விற்றவர் பணம் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. முழுத்தொகையையும் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்டினார்கள். அப்புறம் பாக்கித் திரையின் படம், கட்டிய ரசீது, மேலே சொன்ன கணக்கு, பத்திரத்தில் உள்ள அந்த வாசகத்தின் படம் ஆகிய நான்கையும் ஒன்றாக விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 'சார், உங்கள் பங்கு இவ்வளவு வருகிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒரே ஒரு வரி. அந்த வாரமே பணம் வந்துவிட்டது. பதில் வராவிட்டால் அதையே கடிதமாக ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், தொகை சில ஆயிரம்தான் என்றால் நான் வக்கீலிடம் போகச் சொல்ல மாட்டேன். பெரிய தொகை என்றால் வக்கீல் நோட்டீஸ் சரிதான்.

முழுவதையும் முதலில் கட்டச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், பாக்கி இருக்கும் எண்ணில் பெயர் மாற்றம் நகராது. ரசீது விற்றவர் பெயரில்தான் வரும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது; பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதற்கு வங்கிப் பதிவு இருக்கிறது.

இனி பெயர் மாற்றம். வரிசை இதுதான்: முதலில் சொத்துவரி, அதன் பிறகு மெட்ரோ வாட்டர். ஈ.பி.யை எப்போது வேண்டுமானாலும் பக்கத்தில் ஓட்டலாம். வரிசை ஏன் முக்கியம் என்றால், குடிநீர் வாரியம் போடும் தண்ணீர் வரியும் கழிவுநீர் வரியும் மாநகராட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் என்று கணக்கிடப்படுபவை. அவர்களுக்கு ஆதாரமே மாநகராட்சிப் பதிவுதான். அதனால் மெட்ரோ வாட்டரில் போய் நின்றால் 'உங்கள் பெயரில் சொத்துவரி ரசீது இருக்கா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சொத்துவரிப் பெயர் மாற்றத்தை மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், மண்டல அலுவலகத்திலும் கொடுக்கலாம். கிரயப் பத்திர நகல், கடைசி வரி ரசீது, அடையாளச் சான்று ஆகியவை அடிப்படை. வங்கிக்கடனில் வாங்கியிருந்தால் அசல் பத்திரம் வங்கியிடம் போய்விடும். போவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மறந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், அது எல்லா இடத்திலும் செல்லும். பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் வரியிலும் இருவர் பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் பெயரை மட்டும் ஏற்றிவிட்டு, பிற்பாடு விற்கும்போது வாங்குபவரின் வங்கி கேள்வி கேட்கிறது என்று அலைந்தவர்கள் உண்டு. இனிஷியல் பத்திரத்தில் எப்படியோ அப்படியே இருக்கட்டும்.

இங்கே சிக்கல் வருவது, வரிப்பதிவில் உங்களுக்கு விற்றவர் பெயரே இல்லாதபோது. 1998இல் பில்டரிடம் வாங்கிய முதல் உரிமையாளர் பெயரிலேயே வரி ஓடிக்கொண்டிருக்கும். 2009இல் அவரிடம் வாங்கி உங்களுக்கு விற்றவர் மாற்றாமலே இருந்திருப்பார். அப்போது உங்கள் பத்திரம் மட்டும் போதாது. 1998 பத்திரம், 2009 பத்திரம், உங்களுடையது என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டும். இடையில் யாராவது இறந்து, வாரிசுகள் விற்றிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும். இந்தத் தாய்ப் பத்திரங்களின் நகல் வீடு வாங்கும்போது உங்கள் வக்கீல் பார்த்த கோப்பிலேயே இருக்கும், அவரிடமே கேளுங்கள்.

விண்ணப்பித்ததும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பார்ப்பவர்கள் வரி மதிப்பீட்டாளரும், அவருக்கு மேல் மண்டலத்தில் உள்ள உதவி வருவாய் அலுவலரும். விண்ணப்பம் அசையவில்லை என்றால் அந்த எண்ணோடு மண்டல அலுவலகத்துக்குப் போய் எந்தக் காகிதம் குறைகிறது என்று நேராகக் கேட்பதே சிறந்த வழி. பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கம் தெளிவாக இல்லை, அல்லது கதவு எண் பொருந்தவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். இடைத்தரகரிடம் கொடுத்தால், அந்தக் காரணம் உங்கள் காதுக்கே வராது.

மெட்ரோ வாட்டரில் இரண்டு கணக்குகள் ஓடுவதைக் கவனியுங்கள். ஒன்று, மேலே சொன்ன வரி. இன்னொன்று தண்ணீருக்கான கட்டணம். ஒன்றைக் கட்டி மற்றதை விட்டவர்கள் நிறைய. தண்ணீர் லாரியில்தான் வருகிறது, குழாயில் வருவதே இல்லை என்று கோபத்தில் கட்டாமல் விட்டவர்களும் உண்டு. ஆனால் கழிவுநீர் அவர்கள் குழாயில்தானே போகிறது, கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஈ.பி. மாதிரி உடனே வெட்டிவிட மாட்டார்கள் என்பதால், பழைய ஃப்ளாட்டுகளில் நான் பார்க்கும் பெரிய பாக்கி பெரும்பாலும் இதுதான். சொத்துவரியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நீங்களும் இன்னும் பார்க்கவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. இன்றைக்கே நுகர்வோர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிரிக்கும் முறை சொத்துவரிக்குச் சொன்னதேதான். பெயர் மாற்றத்துக்கு உங்கள் பகுதி அலுவலகத்துக்குப் போக வேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் வார்டில் உள்ள குடிநீர் வாரியப் பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

ஈ.பி.க்கு வருவோம். இங்கேயும் முதலில் எண்ணைச் சரிபார்க்க வேண்டும், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தரைத்தளத்தில் மீட்டர் பலகைக்குக் கீழே நின்றுகொள்ளுங்கள். மேலே வீட்டில் ஒருவர் ஏ.சி.யையோ கீசரையோ போடட்டும். எந்த மீட்டரில் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறது என்று பாருங்கள். பிறகு மெயினை அணைக்கச் சொல்லுங்கள். எது சிமிட்டுவதை நிறுத்துகிறதோ அதுதான் உங்களுடையது. அந்த மீட்டரில் பொறித்திருக்கும் எண்ணும், உங்களிடம் கொடுத்த இணைப்பு எண்ணின் பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பலகையில் பெயின்டில் எழுதிய 'எஸ்-2'வை நம்ப வேண்டாம். எப்போதோ வயரிங் மாற்றியபோது எலக்ட்ரீஷியன் இரண்டு ஃப்ளாட்டுகளின் லைனை மாற்றிக் கொடுத்துவிட்டு, எழுத்து மட்டும் பழையபடி இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் மாற்றத்துக்கு மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். விற்றவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு எடுத்தபோது கட்டிய வைப்புத்தொகை வாரியத்திடம் இருக்கிறது. சம்மதக் கடிதம் இருந்தால் அது அப்படியே உங்கள் பெயருக்கு வந்துவிடும். இல்லாவிட்டாலும் பெயர் மாற்றம் நிற்காது, உறுதிமொழி கொடுத்துப் புதிதாக வைப்புத்தொகை கட்ட வேண்டியிருக்கும். இணைப்பு இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கும் பழைய கட்டடங்களில் இப்படித்தான் செய்ய வேண்டிவரும், அந்த பில்டரைத் தேடி அலைவதில் பொருளில்லை. விற்றவரோடு இன்னும் நல்ல பேச்சுவார்த்தை இருக்கும்போதே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். சொத்துவரிப் பாக்கி பற்றிக் கணக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே வாங்கினால் இன்னும் நல்லது!

பாக்கி இருந்தால் ஈ.பி.யிலும் அது உங்களைத்தான் தேடி வரும். முந்தைய உரிமையாளரின் மின்கட்டணப் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புதிய உரிமையாளரிடம் மின்வாரியங்கள் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உறுதிசெய்தது. நல்லவேளையாக வீட்டு இணைப்பில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். எனவே பூட்டிக்கிடந்த வீடாக இருந்தால் தவிர இங்கே பாக்கி பெரிதாக வளராது. பெயர் மாறியதும் ஆதார் இணைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 கடைசியில் எல்லோரும் இணைத்தபோது விற்றவரின் ஆதார்தான் அந்த எண்ணோடு சேர்ந்திருக்கும்.

சங்கத்தை மறந்துவிடக் கூடாது. மெயின்டனன்ஸ் பாக்கி எந்த அரசுத் திரையிலும் தெரியாது, செயலாளரின் நோட்டில்தான் இருக்கும். 'கொஞ்சம் பாக்கி இருக்கு சார்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த மாதம் முதல் எவ்வளவு, இதில் மாதாந்திரம் எவ்வளவு, பெயின்ட் அடித்ததற்கோ லிஃப்ட் மாற்றியதற்கோ போட்ட சிறப்பு வசூல் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தகராறு வருவது சிறப்பு வசூலில்தான். தீர்மானம் போட்டது பதிவுக்கு முன்னாலா பின்னாலா என்று பொதுக்குழுக் குறிப்பேட்டைப் பார்த்தால் தெரியும். முன்னால் என்றால் விற்றவரிடம் கேளுங்கள். பின்னால் என்றால் உங்களுடையது, ஏனென்றால் அந்தப் புதிய லிஃப்டில் ஏறப்போவது நீங்கள். கார்பஸ் நிதியில் முன்னவர் போட்ட பங்கு உங்கள் பெயருக்கு மாறியதாகவும், இந்தத் தேதி வரை நிலுவை இல்லை என்றும் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பட்டா. ஃப்ளாட்டுக்குத் தனிப் பட்டா என்று ஒன்று கிடையாது. உங்களுக்கு நிலத்தில் இருப்பது பிரிக்கப்படாத பங்கு. பத்திரத்தில் 'மொத்த நிலத்தில் 480 சதுர அடி' என்பது போல எழுதியிருப்பார்கள். இந்த 480 அடி எந்த மூலையில் என்று யாரும் காட்ட முடியாது, அதனால் அளந்து பிரித்துத் தரவும் முடியாது. கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரையும் சேர்க்கக் கேட்கலாம், அவ்வளவுதான். அது இல்லை என்பதற்காக மேலே சொன்ன எந்தப் பெயர் மாற்றமும் தடைபடாது. உங்கள் உரிமைக்கு ஆதாரம் பதிவான கிரயப் பத்திரம்.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், அவசரமில்லை என்பேன், தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். eservices.tn.gov.in தளத்தில் உங்கள் இடத்தின் நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நிலத்தை பில்டரிடம் கொடுத்த குடும்பத்துத் தாத்தாவின் பெயர் இன்னும் அங்கே இருக்கலாம். கட்டடம் நிற்கும்வரை அதனால் தொந்தரவு தெரியாது. இடித்துக் கட்டலாம் என்று எல்லோரும் உட்காரும் நாளில், அரசுப் பதிவில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி முதலில் வரும். அப்போது பன்னிரண்டு வீட்டுக்காரர்களின் பத்திரங்களையும் தேடிச் சேர்ப்பது பெரிய வேலை. கட்டடத்துக்கு இருபத்தைந்து, முப்பது வயதாகிவிட்டது என்றால் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி, சங்கமே எல்லோருடைய பத்திர நகலையும் வாங்கி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒன்றாக மனு கொடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி. நீங்கள் ஒருவர் மட்டும் தனியாகப் போனால், மற்ற பங்குகள் யாருடையவை என்ற கேள்வியில் உங்கள் மனு நின்றுவிடலாம்.